ஜெகதீஸ்வரி மிஸ்ஸும் நிற்காத கவுண்டரும்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது நாங்கள் படிப்பிக்கும் தொழில்நுட்ப நிறுவனம். இலத்திரனியல் லேப் ஜெகதீஸ்வரியின் கையில். யாழ்ப்பாணத்துக்காரி, கெட்டிக்காரி, யாரையும் நம்பாதவர். பிள்ளைகள் லேப்பை விட்டு வெளியேறும்போது வாசலில் நின்று ஐசி என்கிற சின்னச் சில்லுகளை எண்ணுவார். என் தேநீரில் யார் சீனி போட்டது என்று நான் கேட்டாலும் விசாரணை தொடங்கிவிடும். போன தவணை புதிய ஐசி இரண்டு காணாமல் போனது. மிச்சத்தை அலுமாரியில் பூட்டிவிட்டு, பரீட்சைக்குப் பழைய ஐசி டப்பாவைத் திறந்தார். இரண்டிலும் கால்களின் ஒழுங்கு ஒன்றுதான், எதுவானாலும் எண்ணத்தானே போகிறது, இவர்களுக்கு இது போதும் என்றார்.

அந்தப் பரீட்சையில்தான் கொட்டாஞ்சேனை டோரின் மாட்டிக்கொண்டாள். லிஃப்ட் கம்பனி ஒன்றில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். சான்றிதழ் கையில் வந்தால் போதும். ஆனால் பயிற்சி அறிக்கையில் செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதினாள் என்று முடிவானால், பாடம் முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும்.

கேள்வி இதுதான்: ஒன்றையோ பூச்சியத்தையோ நினைவில் வைக்கும் ஜேகே ஃபிளிப்ஃப்ளாப் இரண்டைக் கொண்டு, எண்ணும் கவுண்டர் ஒன்று. ஜே, கே இரண்டுக்கும் ஒன்று கொடுத்தால் ஒவ்வொரு கிளாக்குக்கும், அதாவது பட்டனை ஒருமுறை அமத்தி விடும்போதெல்லாம், நிலை மாறும், டொக்ள் ஆகும். இரண்டுக்கும் பூச்சியம் கொடுத்தால் இருந்த நிலையிலேயே நிற்கும். இரண்டாவதன் ஜே, கே-க்கு, முதலாவது ஒன்றில் இருக்கும்போது மட்டும் ஒன்று போகும். ஆகவே கவுண்டர் பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்த் திரும்பும். நிறுத்தும் சுவிட்சைப் போட்டால் எல்லா ஜே, கே-யும் பூச்சியமாகி எண்ணிக்கை நிற்க வேண்டும்.

டோரின் கிளாக் பட்டனை அமத்திப் பிடித்தபடியே நிறுத்தும் சுவிட்சைப் போட்டாள். பிறகு பட்டனை விட்டாள். நிற்க வேண்டிய எண் ஒன்று கூடியது.

அவளுடைய அறிக்கையில், இப்படிச் செய்தால் எண் மாறாது என்று எழுதியிருந்தது. ஜெகதீஸ்வரி அந்த வரியில் விரலை வைத்தார்.

"உண்மையைச் சொல்லும். இதை நீர் செய்து பார்த்தனீரா, புத்தகத்தைப் பார்த்து எழுதினீரா?"

"செய்து பார்த்துத்தான் எழுதினனான், மிஸ். அண்டைக்கு நிண்டது."

"அண்டைக்கு நிண்டது, இண்டைக்கு ஓடுது. நல்ல கதை."

மேற்பார்வைக்கு நின்ற எனக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஜெகதீஸ்வரியின் சந்தேகம் அரைகுறையாக நிற்கிற சாமான் அல்ல. பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கவென்று தானே சோதிக்க இறங்கினார். பட்டனை அமத்துவதற்கு முன்பே சுவிட்சைப் போட்டார். எண் மாறவில்லை. அமத்தியபின் போட்டார். விட்டதும் மாறியது. மறுபடி, மறுபடி. ஒவ்வொரு முறையும் அப்படியே.

பிறகு ஐசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உப்புக் காற்றில் கால்கள் கறுத்திருந்தன. மேலே அச்சடித்த எண்ணின் நடுவே, புதியதில் இருக்கும் 'எல்எஸ்' என்ற எழுத்துகள் இதில் இல்லை. அவர் முகம் மாறியது.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஃபிளிப்ஃப்ளாப்புக்குள் இருக்கும் லாட்ச் என்பது, பட்டன் அமர்ந்து கிளாக் மேலே இருக்கும் வரைக்கும் திறந்திருக்கும் கதவு. அந்த நேரம் வருவதையெல்லாம் உள்ளே எடுக்கும். அதனால்தான் தனி லாட்சை டொக்ள் செய்ய விட்டால், தன் வெளியீடே திரும்ப உள்ளே வந்து, கதவு மூடும்வரை மாறி மாறிக் குதிக்கும். பழைய ஐசியில் இரண்டு லாட்ச் அடுத்தடுத்து இருப்பதால் அந்தக் குதிப்பு இல்லை. ஆனால் முன்னாலிருப்பது, பட்டன் அமர்ந்திருந்தபோது வந்த ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டது. பிறகு பூச்சியம் வந்தாலும் அதை விடவில்லை. பட்டனை விட்டதும் வெளியே தள்ளியது. புதிய ஐசி கிளாக் இறங்கும் விளிம்பில் மட்டும் வேலை செய்வது. பட்டனை விடுகிற அந்தக் கணத்தில் ஜே, கே-யில் என்ன இருக்கிறதோ அதை மட்டுமே பார்க்கும். பயிற்சியில் டோரினுக்குக் கிடைத்தது அதுதான்.

ஜெகதீஸ்வரி அலுமாரியைத் திறந்து புதிய ஐசிகளை எடுத்து வந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பிழை என்னில. நான் குடுத்த ஐசி வேற. டோரின் எழுதினது சரி. எல்லாருக்கும் ஐசி மாத்தித் தாறன்."

அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

டோரின் புதியதைச் செருகி மறுபடி செய்தாள். பட்டனை அமத்தி, சுவிட்சைப் போட்டு, விட்டாள். எண் அசையவில்லை. ஜெகதீஸ்வரி முழுப் புள்ளி போட்டார்.

"வேலைக்குப் போனதும் வந்து சொல்லும், என்ன?" என்றார், கொஞ்சம் குழைந்து.

டோரின் ஐசியைக் கழற்றி அவர் மேசையில் வைத்தாள். பிறகு யாரும் கேட்காமலே தன் ஹேண்ட்பேக்கைத் திறந்து அங்கேயே கவிழ்த்தாள். சீப்பு, பஸ் டிக்கெட், ஜெபமாலை, பாதி பிஸ்கட் பைக்கற்று.

"பார்த்துக்கொள்ளுங்கோ, மிஸ். ஒண்டும் எடுக்கேல்ல."

குரலில் கோபம் இல்லை. ஜெகதீஸ்வரி அந்தச் சீப்பைக் கையில் எடுத்து, திரும்ப அவள் பைக்குள் வைக்கப் போனார். டோரினுக்குப் பின்னால், ஐசியைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றவன் தானும் தன் பையைத் திறந்தான்.