கிண்ணத்தின் அடியில் ஒரு ரூபாய்

எனக்கு வாசனை தெரிவதில்லை. சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலோடு குறைய ஆரம்பித்தது, வயதும் சேர்ந்துகொண்டது. மூக்கு டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே இவ்வளவுதாம்மா, பழகிக்குங்க" என்றார். உப்பு, புளிப்பு, இனிப்பு எல்லாம் நாக்கில் தெரியும். ஆனால் சாம்பார் நேற்றையதா, அதற்கும் முந்தியதா என்று மோந்து சொல்ல முடியாது. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினேனா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பேன். அடுப்படியில் நிற்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வரப்பில் நடப்பது மாதிரி இருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் தேதி எழுதத் தெரியுமே. பிரிட்ஜில் வைக்கிற ஒவ்வொரு டப்பாவிலும் மருந்துக்கடைப் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டி, தேதியையும் காலையா மத்தியானமா என்பதையும் பேனாவால் எழுதிவிடுவேன். கறி, மீன் என்றால் மறுநாளைக்கு மேல் வைப்பதில்லை. மற்றதெல்லாம் மூன்று நாள், அதற்கு மேல் குப்பை. பால் மட்டும் நல்லது, கெட்டிருந்தால் காய்ச்சும்போதே திரிந்து காட்டிக்கொடுத்துவிடும். குழம்பு அப்படியில்லை, கொதித்துக்கொண்டே பொய் சொல்லும்.

என் மகள் முன்பு ஒருமுறை சென்னையிலிருந்து வந்தபோது பிரிட்ஜுக்குள் தொங்கவிட ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி வந்தாள். இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, ஐஸ் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து பிரீசரிலேயே விட்டுவிட வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்க்கும்போது காசு மேலேயே இருந்தால் சரி. அடியில் கிடந்தால் நடுவில் கரண்ட் போய், ஐஸ் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

"இந்த வீட்டுல டப்பாவுக்கெல்லாம் பொறந்த நாள் கொண்டாடுறாங்கப்பா" என்று அவள் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

அவள் வயிற்றில் இருப்பது, கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டான பிள்ளை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். அவளுக்கு என்ன போடுகிறேன், எப்படிப் போடுகிறேன் என்பதிலேயே என் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கோ எனக்கு நேர்மாறு, எல்லா வாசனையும் பத்து மடங்கு. சோப்பு நாறுகிறது, சாமி ரூம் ஊதுபத்தி நாறுகிறது, பிரிட்ஜைத் திறந்தாலே குமட்டுகிறது. அதனால் அவள் அதன் பக்கமே போகமாட்டாள்.

அன்றைக்கு நாட்டுக்கோழி கேட்டாள். மத்தியானம் குழம்பு வைத்தேன். அவளும் அவள் அப்பாவும் சாப்பிட்ட பிறகு குடவாசலிலிருந்து போன். என் பெரியம்மா தவறிவிட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி துக்க வீட்டுக்கு வரக்கூடாது என்று அவளை அப்பாவோடு விட்டேன். மீதிக் குழம்பை ஆறவைத்து, டப்பாவில் ஊற்றி, பிளாஸ்திரி ஒட்டித் தேதி எழுதி, உள்ளே வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ராத்திரிக்கு அவர் கடையில் இட்லி வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் திரும்பி வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். "பசிக்குதும்மா" என்றாள். தேதியைப் பார்த்தேன், நேற்றையது. தெர்மாமீட்டரைப் பார்த்தேன், நாலு டிகிரி, இருக்க வேண்டிய குளிர்தான். தெருவில் யாரும் கரண்ட் போனதாகச் சொல்லவில்லை, அதனால் பிரீசரைத் திறக்கவில்லை. சோறு புதிதாக வடித்தேன். குழம்பைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். உப்பு, புளிப்பு, காரம். எனக்குத் தெரிவது அவ்வளவுதான்.

நாலு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினாள்.

"ஒரு மாதிரி நாறுதும்மா."

"ஒனக்கு எதுதான் நாறல? நேத்து என் முந்தானையே நாறுதுன்ன."

"இல்லம்மா, இது வேற."

"நேத்து மத்தியானம் வச்சதுடி. தேதி போட்டிருக்கேன் பாரு."

அவள் இன்னும் இரண்டு வாய் எடுத்தாள். அப்போதுதான் வயலிலிருந்து என் வீட்டுக்காரர் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். வாசற்படியிலேயே மூக்கைச் சுளித்தார்.

"என்ன இது, ஊசிப்போன வாட?"

தட்டை அவள் முன்னாலிருந்து இழுத்தேன். "நேத்து வச்சதுங்க. பிரிட்ஜுலதானே இருந்துச்சு?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பிறகு மெதுவாக, "நேத்து சாயங்காலம் நல்ல இடி. பிளக்கப் புடுங்கி விட்டேன்" என்றார்.

"எப்ப மாட்டுனீங்க?"

"மறந்துட்டேன். காலையில டீ குடிச்சுட்டு வந்துதான் மாட்டுனேன்."

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். மேற்கே மின்னினால் டிவி, பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். ஒரு இடிமழையில் எங்கள் மோட்டாரே கருகிப்போயிருக்கிறது. நானே எத்தனையோ முறை பிடுங்கியிருக்கிறேன்.

பிரீசரைத் திறந்தேன். கிண்ணத்தில் ஐஸ் கண்ணாடி மாதிரி நன்றாகத்தான் உறைந்திருந்தது. காசு அடியில் கிடந்தது.

நான் எழுதிய தேதி பொய்யில்லை. தெர்மாமீட்டரும் பொய் சொல்லவில்லை, அது அந்த நிமிடத்து நாலைக் காட்டியது. ராத்திரி முழுக்க அந்தக் குழம்பு குளிரில்லாத பெட்டிக்குள் மூடிக் கிடந்ததை இரண்டும் எனக்குச் சொல்லாது. சொல்லியிருக்க வேண்டிய மூக்கு என்னிடம் இல்லை. இருந்த மூக்கை நான் கேட்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். "நல்லாக் கொதிக்க வச்சேம்மா, அப்பறமும் ஆகுமா?" என்று அழுதேன். "கொதிக்க வச்சாலும் சில விஷம் போகாதும்மா. வாந்தி, பேதி, காய்ச்சல் எது வந்தாலும், புள்ள அசையறது கொறஞ்சாலும் ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்.

பொழுது சாய்வதற்குள் வாந்தி ஆரம்பித்தது. முதல் தடவை, அவள் எப்போதும் எடுப்பதுதானே என்று என் மனசுக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் அவள் தலை என் தோளில். அவளிடம் என்ன வாசனை அடிக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. "அசையுதாடி? அசையுதா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். "சும்மா இரும்மா, நீ கேக்குறதுல எனக்கே தெரியல" என்றாள். எனக்கு எந்தச் சாமியின் பேரும் வாயில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி நகர்த்தினார்கள். பிறகுதான் அந்தச் சத்தம், குதிரை ஓடுகிற மாதிரி. "ஹார்ட்பீட் நல்லா இருக்கு" என்று டாக்டரம்மா சொன்னதை நம்பாமல், நிஜமாகவா என்று அவரையே இரண்டு தடவை கேட்டேன். டிரிப்ஸ் ஏற்றி, மறுநாள் அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து பிரிட்ஜில் இருந்த அத்தனையையும் கொட்டினேன். அவளுக்கு மிளகு ரசம் வைத்துக் கிண்ணத்தை மூக்குக்கு நேரே நீட்டினேன். "மோந்து பாரு." மோந்து, "நல்லா இருக்கும்மா" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் குடித்து முடித்த பிறகும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான். சாப்பாடு இறங்கிப் பொழுது கழியும் வரை என் உயிர் என்னிடம் இல்லை.

நாலு நாள் கழித்து மறுபடி மேற்கே மின்னியது. அவர் பிளக்கின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"புடுங்கட்டா?"

"புடுங்குங்க. ஆனா புடுங்குனேன்னு என்கிட்ட சொல்லுங்க."

"புடுங்குனேன்" என்றார்.

உடனே உள்ளே இருந்த பாலை எடுத்து அடுப்பில் வைத்தேன். மாவைப் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் வைக்கச் சொல்லலாம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் நின்றேன். அவர்களும் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். இடி எல்லா வீட்டுக்கும்தானே இடிக்கிறது.