ஞாயிற்றுக்கிழமை ஃபோல்டர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு குணம்: எதையும் இரண்டு முறை பார்க்காமல் விடமாட்டார். நண்பர்கள் ‘ரெண்டாந்தரம்’ என்றே கூப்பிட்டார்கள். அந்த ஞாயிறு மாலை மட்டும் ஒரு தரமும் பார்க்கவில்லை. ஃபோனில் கண் இருக்க, இடுப்பிலிருந்த மகள் நழுவித் தரையில் விழுந்தாள்.

இப்போது அவள் இடது கை துவள்கிறது.

“விழுறதுக்கு முன்னாடியே இப்படி இருந்துச்சா, அப்புறமா? வீடியோ இருந்தா தேடிப் பாருங்க. காரணத்தை எங்க தேடணும்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணுவேன்” என்றார் டாக்டர்.

வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆயிரக்கணக்கில் இருந்தன. ஃபோனிலிருந்து ஹார்ட் டிஸ்க்கில் அள்ளிப் போட்டதில் எல்லாமே போட்ட நாளின் தேதியைக் காட்டின. நல்லவேளையாக, எடுத்த நேரம் வீடியோவுக்குள்ளேயே பதிந்திருக்கும். அதைப் படித்து நாள்வாரியாக ஃபோல்டர் போடும் இலவச மென்பொருள் ஒன்றை ஓடவிட்டார். உறவினர்கள் மெசேஜில் அனுப்பியவை மட்டும் தேதி தெரியாமல் ஓரமாக ஒதுங்கின.

ஞாயிறு ஃபோல்டரைத் திறந்தாள் மனைவி. வெயிலடிக்கும் அடுப்படியில் மகள் வலது கையால் தட்டைத் தட்டுகிறாள். இடது கை அசையாமல் தொங்குகிறது.

“ஏங்க! இது காலையில! நீங்க கீழ போட்டது சாயங்காலம்! உங்களால இல்லைங்க!”

ஒரு வாரமாக அடக்கியதையெல்லாம் சேர்த்து அவர் வாய்விட்டு அழுதார். உடனே தன் அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லியும் விட்டாள் அவள்.

பாழாய்ப்போன பழக்கம் விடுமா? அந்த வீடியோவில் பதிந்திருந்த நேரத்தை அவர் பார்த்தார். இரவு பதினொன்று. இரவு பதினொன்றுக்கு அடுப்படியில் வெயிலா? சனிக்கிழமை விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும்போது எடுத்த வீடியோவைத் தேடினார். அது வெள்ளிக்கிழமை ஃபோல்டரில் இருந்தது. ஃபோன் உள்ளே பதிவது உலகப் பொது நேரம். அவர்கள் பிழைக்க வந்த இந்த ஊர் அதற்கு எட்டு மணி நேரம் முந்தி. மென்பொருளில் அதைக் கூட்டச் சொல்லவே இல்லை அவர்.

“இது திங்கட்கிழமை காலைம்மா.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஃபோல்டர்ல ஞாயிறுன்னுதானே இருக்கு. அப்படியே காட்டிடலாமே. யாருக்குத் தெரியப்போவுது?”

கேட்க ஆசையாகத்தான் இருந்தது. அந்த நொடியில் உலகத்தில் வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

“ஞாயிறுன்னு சொன்னா, டாக்டர் தப்பான இடத்துல தேடுவாரு.”

விழுவதற்கு முன்பு எடுத்த வீடியோக்களை ஒவ்வொன்றாக ஓட்டினார். எல்லாவற்றிலும் மகள் இரண்டு கையையும் தட்டிச் சிரித்தாள். ஒவ்வொரு முறையும் அவருக்கு உயிர் போய் வந்தது.

பிறகு டாக்டரின் எண்ணை அழுத்தினார்.

“டாக்டர், விழுந்ததுக்கு அப்புறம்தான். நான்தான் கீழ போட்டேன்.”