காதுக்குள் எடுத்த படம்

அந்தக் கருவியை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. பேனா கனம்கூட இருக்காது. நுனியில் கடுகளவு கேமரா, அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக வெளிச்சம். காதுக்குள் விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் செல்போனில் தெரியும். என் கொழுந்தன் ஆன்லைனில் வாங்கினான். அன்றிலிருந்து வலை பின்னும் கொட்டகையில் அவன்தான் காது டாக்டர்.

பொய் சொல்லக்கூடாது, முதலில் நல்லதும் நடந்தது. கொட்டகையில் ஒரு பெரியவர் காதில் ஏதோ உறுத்துகிறது என்று மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவன் உள்ளே விட்டுப் பார்த்தான். பட்ஸ் குச்சியின் பஞ்சு கழன்று உள்ளேயே கிடந்தது, எல்லோரும் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு கேட்க வேண்டுமா? கரையில் பாதிப் பேர் தலையைச் சாய்த்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தார்கள். ஆளாளுக்குத் தன் காது அழுக்கைப் பார்த்து, "அடப்பாவி, இவ்வளவு பெருசா?" என்று வாயைப் பிளந்தார்கள். எள்ளளவு அழுக்கு அந்தத் திரையில் பாறாங்கல் மாதிரி தெரியும். எது பெரிது எது சிறிது, எது பக்கத்தில் எது தூரத்தில் என்று அதில் ஒன்றும் பிடிபடாது.

நான் எங்கள் கரையில் மீன் ஏலம் விடுகிறவள். படகு வந்ததும் கூடைகளை மணலில் இறக்குவார்கள். நான் நடுவில் நிற்பேன், வாங்க வந்த பெண்கள் சுற்றி நிற்பார்கள். விலையை ஏற்றிக்கொண்டே போவேன். குனிந்து மீனைப் பார்த்தபடியே, கடைசியாகக் குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கண்டுபிடித்துக் கூடையை அந்தப் பக்கம் தள்ளுவேன். நிமிர்ந்து முகம் பார்த்துக்கொண்டிருந்தால் ஏலம் ஓடாது. இதற்குக் கண் வேண்டாம், இரண்டு காதும் வேண்டும்.

ஒருநாள் காலையில் எழுந்தபோது வலது காது அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஓவென்று இரைச்சல். லேசாகத் தலை சுற்றியது. செல்போனை அந்தக் காதில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கடல் காத்து அடைச்சிருக்கும். தம்பிகிட்ட காட்டு."

கொழுந்தன் கருவியோடு வந்தான். காதுச் சுவரோரமாகக் கொஞ்சம் குறும்பி, அதுதான் காது அழுக்கு, இருந்தது. "இதான் அண்ணி அடைக்குது" என்று நுனியில் குட்டிக் கரண்டியை மாட்டிக்கொண்டு தோண்ட ஆரம்பித்தான். காதைக் குடைந்ததில் எனக்கு இருமலாக வந்தது. அவன் ஒரு பக்கம் தள்ளினால் திரையில் கரண்டி வேறு பக்கம் போனது. கடைசியில் கீறிவிட்டான். ஒரு சொட்டு ரத்தம், திரையில் குளம்.

அதற்கப்புறம்தான் செவிப்பறை தெரிந்தது. சாம்பல் வெள்ளையாக, மெல்லிசாக, ஓரத்தில் ஒரு துண்டு வெளிச்சம் பளபளத்தது. செல்போன் ஆப்பில் இருந்த மாதிரிப் படத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தான்.

"அண்ணி, அச்சு அசல் அதே மாதிரி. உங்க காது சூப்பரா இருக்கு."

"எனக்குக் கேக்கலையே தம்பி."

"இப்பத்தானே தோண்டுனேன். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

ஒரு வாரம் போயும் சரியாகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். வீட்டுக்காரர் அந்தப் படத்தை எடுத்து என் மூஞ்சிக்கு நேராக நீட்டினார். "இத பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" நாத்தனாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். "அண்ணிக்கு மனசுலதான் ஏதோ" என்று அவள் அங்கிருந்தே தீர்ப்புச் சொன்னாள். இவள் என்ன காது படித்தவளா? என் காது கேட்கவில்லை என்று நான் சொல்கிறேன். அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை, படம் பெரிதாகப் போய்விட்டது.

ஏலத்துக்குப் போனேன். ஒரு காது போனால் பாதிச் சத்தம்தானே குறையும் என்று நினைக்காதீர்கள். திசை போய்விடும். யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் எனக்கு இடது பக்கத்திலிருந்தே வந்தது. சங்கரா மீன் கூடை ஒன்றை வழக்கம்போல, குரல் கேட்ட இடது பக்கம் தள்ளினேன். கடைசியாகக் குரல் கொடுத்தவள் வலது பக்கம் நின்றிருக்கிறாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவள் கூடையைக் காலால் நிறுத்தினாள்.

"ஏன்க்கா, உங்களுக்கு வேண்டியவ அந்தப் பக்கம் நிக்கிறாளா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருஷத்தில் ஆள் பார்த்துக் கூடை தள்ளினாள் என்று என்னை ஒருத்தி சொன்னதில்லை. "காது கேக்கலம்மா" என்று நான் சொல்ல வருவதற்குள் கொழுந்தன் பாய்ந்து வந்தான். அண்ணியைச் செவிடு என்று சொல்லிவிடுவார்களோ, ஏலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அவனுக்குப் பதற்றம். நல்ல எண்ணம்தான், அதுதான் என்னைக் கொன்றது.

"எங்க அண்ணிக்குக் காதுல ஒண்ணுமில்ல. இந்தாங்க, நீங்களே பாருங்க."

செல்போன் கைக்குக் கை போனது. எல்லோரும் என் செவிப்பறையைப் பார்த்தார்கள். கூடையை நிறுத்தியவள் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"காது நல்லாத்தான் இருக்கு. அப்ப தெரிஞ்சேதான் தள்ளியிருக்காங்க."

படகோரம் வீட்டுக்காரர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து வேறொருத்தி ஏலம் விட்டாள்.

அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். என்ன நினைத்தாரோ, வீட்டுக்காரரும் பின்னாலேயே ஏறினார்.

காது டாக்டரம்மா உள்ளே பார்த்தார். பிறகு கவட்டை மாதிரி இருந்த ஓர் இரும்பைத் தட்டி, அதிர அதிர என் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?" என்றார். இடது பக்கம் என்றேன். "வெறும் அடைப்புன்னா அடைச்ச பக்கம்தான் கேக்கணும்" என்றார். வெளிச்சத்தம் புகாத ஓர் அறையில் உட்காரவைத்து, காதில் மாட்டிச் சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். வலது பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர் செல்போனை நீட்டினார். "படத்துல நல்லா இருக்குதுங்களே டாக்டர்."

"படம் சரிதாங்க. செவிப்பறை கதவு மாதிரி. கதவு நல்லா இருக்கு. வீட்டுக்குள்ள என்ன ஆச்சுன்னு கதவைப் படம் எடுத்தாத் தெரியுமா? இவங்களுக்கு உள் காதுல, நரம்புப் பக்கம் அடி. இந்தக் கேமரா அங்க போகவே போகாது. திடீர்னு ஒரு காது கேக்கலைன்னா, செவிப்பறை நல்லா இருந்தா இன்னும் சீக்கிரமா ஓடி வரணும். எப்ப ஆரம்பிச்சுது?"

சொன்னேன். சீட்டில் எழுதிக்கொண்டார்.

"ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிடுச்சு. முதல் சில நாள்லயே மாத்திரை ஆரம்பிச்சிருந்தா வாய்ப்பு அதிகம். அப்பவும் நிச்சயம்னு சொல்ல முடியாது. இப்ப மாத்திரை தரேன், செவிப்பறை வழியா ஊசியும் போட்டுப் பாப்போம். திரும்பும்னு எதிர்பாத்துட்டு இருக்காதீங்க."

ஊசி, மாத்திரை எல்லாம் பிறகு முடிந்தது. காது திரும்பவில்லை, ஏலமும் திரும்பவில்லை. டாக்டர் சீட்டைக் காட்டியபோது கூடையை நிறுத்தியவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் பக்கம் தெரியாதவளை நடுவில் நிறுத்தி யார் ஏலம் விடச் சொல்வார்கள்?

டாக்டரை முதலில் பார்த்த அன்றைக்கு, திரும்பும் பஸ்ஸில் நான் இடது ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் என் வலது பக்கம். ஜன்னல் காற்றும் இன்ஜின் சத்தமும் நல்ல காதை நிரப்பிவிட்டன. வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. தற்செயலாகத் திரும்பினால், அவர் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நேரமாகப் பேசினாரோ, கண் கலங்கியிருந்தது.

"அந்தப் பக்கம் கேக்காதுன்னு இப்பத்தானே டாக்டர் சொன்னாங்க" என்றேன்.

அவர் எழுந்து இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று சைகையில் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊர் வரும்வரை அவரைப் பார்க்கவே இல்லை.