பன்னிரண்டு மணிக்கு இருந்த மருந்துப் பட்டியல்

முதியோர் இல்லத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் தீப்பிடித்தாலும் டீயைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவரிடம் தலைமை நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தார். சர்வரில் இருந்த மருந்துப் பட்டியல் ஃபோல்டரைக் கைதவறி அழித்துவிட்டார்; நாலு மணிக்கு மாத்திரை கொடுத்தாக வேண்டும்.

"ரீசைக்கிள் பின்லயும் இல்லண்ணா!"

"சர்வர்ல அழிச்சது அங்க வராதும்மா."

மருந்து ஃபோல்டர் இருந்த பெரிய ஃபோல்டருக்கு சர்வர் தானாகவே எடுத்துவைத்திருந்த முந்தைய பதிப்புகளை அவர் பார்த்தார். பகல் பன்னிரண்டு மணிப் பதிப்பு இருந்தது.

"ரீஸ்டோர அமுக்குங்களேன்!"

"அமுக்கினா பெரிய ஃபோல்டர் முழுசும் பன்னெண்டு மணிக்கு இருந்தபடி ஆயிடும்; எல்லாரோட மத்தியான வேலையும் போயிடும். என்னை உயிரோட விடுவாங்களா?"

அந்தப் பதிப்பைத் திறந்து, மருந்து ஃபோல்டரை மட்டும் நகலெடுத்துப் பழைய இடத்தில் ஒட்டினார்.

"பன்னெண்டுக்கு அப்புறம் எதையாவது மாத்தினீங்களா?"

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். "டாக்டர் ஒரு மாத்திரைய நிறுத்தச் சொன்னாரு."

கம்ப்யூட்டர்காரர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். "இந்தப் பட்டியல்ல அந்த மாத்திரை இன்னும் இருக்கு. உக்காந்து திருத்தி எழுதுங்க."