இனிப்பு கொடுத்த சனிக்கிழமை

தூத்துக்குடியில் ஒரு வேலையை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போவதை ரகசியமாகச் செய்ய முடியும் என்று நினைப்பவர்கள் இந்த ஊரில் வேலை பார்த்ததே இல்லை. சுங்க அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் காலையில் ஒருவர் தும்மினால், மதியத்துக்குள் துறைமுகத்தின் எல்லா வாசலுக்கும் சளி பிடித்த செய்தி போய்விடும். இது தெரிந்தும் நான் அந்த முயற்சியில் இறங்கினேன்.

நான் அப்போது ஒரு சுங்க முகவர் நிறுவனத்தில் இருந்தேன். கப்பலில் வரும் சரக்குக்கு உரிய கணக்கைக் கம்ப்யூட்டரில் பதிந்து, தீர்வை கட்டி, அதிகாரிகள் கேட்கும் விளக்கத்தைக் கொடுத்து, கண்டெய்னரை வெளியே கொண்டுவருகிற வேலை. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். நல்ல மனுசன். என் பிரசவத்தின்போது மருத்துவமனைக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே முந்திரி கண்டெய்னர் என்ன ஆச்சு என்று கேட்டவர். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் அவர்.

எனக்கு அங்கே ஒரே ஒரு குறை. சரக்கைத் திறந்து பரிசோதிக்கும்போது நிறுவனத்தின் சார்பில் அதிகாரி முன்னால் நிற்க ஜி கார்டு வேண்டும். அதற்கு நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம் துறை ஒரு தேர்வு வைக்கும். அண்ணாச்சி எனக்கு விண்ணப்பிக்கவே இல்லை. கேட்டபோதெல்லாம், "பொம்பளப்பிள்ள எதுக்கும்மா அந்த வெயில்ல போய் நிக்கணும்?" என்பார். அவருடைய மருமகனுக்குக் கார்டு இருந்தது. அந்த மருமகன் சரக்குக் கிடங்கில் நின்றுகொண்டு எனக்குப் போன் போடுவார். அதிகாரி கேட்பதை அவர் என்னிடம் கேட்பார். நான் சொல்லச் சொல்ல அங்கே ஒப்பிப்பார். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு என் வேலையை இன்னொருவர் வாயால் செய்வது எனக்குச் சலித்துப்போனது.

சென்னை நிறுவனம் ஒன்று இங்கே கிளை திறக்க ஆள் தேடியது. அவர்களுக்காக ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு பெண் என்னைக் கூப்பிட்டார். குரலை வைத்துப் பார்த்தால் என் வயதுதான் இருக்கும், நேரில் பார்த்ததில்லை. நேர்காணல் முடிந்து வேலை உத்தரவு மின்னஞ்சலில் வந்தது. இறக்குமதிப் பிரிவின் பொறுப்பு, சேர்ந்ததும் ஜி கார்டுக்கு விண்ணப்பம், இரண்டும் அதில் எழுத்தில் இருந்தன. கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அண்ணாச்சியிடம் முதலில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று நினைத்து, வியாழக்கிழமை காலை அவர் அறைக்குப் போய் விலகுகிறேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"என்னம்மா இப்பிடி சொல்லுத? அவன் என்ன குடுக்கானோ அத நான் தாரேன். மேனேஜர்னு போட்டுக்கிடு. உனக்கு வேற என்ன வேணும்?"

"கார்டு வேணும் அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். "அதுவும் போடுவோம். யோசிச்சு சொல்லு."

நான் கேட்ட எல்லாமே ஒரே மூச்சில் கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. புதிய இடத்தில் யாரையும் தெரியாது. இங்கே ஒவ்வொரு கோப்பும் எனக்குப் பழக்கம். அந்தக் கார்டு மட்டும் உண்மையிலேயே கிடைக்குமானால் நான் ஏன் போக வேண்டும்?

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் போன் போட்டேன். "ஏளா, அந்த மெட்ராஸ் பிள்ளைட்ட காய்ச்சல்னு சொல்லு. ரெண்டு மூணு நாள் இழுத்துரலாம்" என்றார். நாள்பூராவும் பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது என்று பாடம் எடுக்கிற மனுசன்.

காய்ச்சல் என்று சொல்லியிருப்பேன். அந்த டீக்கடை மட்டும் இல்லாவிட்டால்.

பீச் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்ததால் ஒரு காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"மேடம், நான் ஒரு விஷயத்த மறைக்காம சொல்லிருதேன். இங்க என்னை இருக்கச் சொல்லுதாங்க. சம்பளமும் பதவியும் கூட்டித் தாரதா சொல்லிருக்காங்க. எனக்கு முடிவு பண்ண கொஞ்ச நாள் வேணும்."

அவர் உடனே கேள்விகளை ஆரம்பித்தார்.

"நீங்களா சொன்னதுக்கு நன்றி. நாலஞ்சு கேள்வி கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க எழுத்துல குடுத்தாங்களா?"

"இல்ல. வாயாலதான்."

"எங்ககிட்ட முதல்ல பேசும்போது கார்டுக்காகத்தான் வெளிய வர்றேன்னு சொன்னீங்க. அது மாறிடுச்சா?"

"போடுவோம்னு சொல்லிருக்காங்க."

"போடுவோம்னா எப்போ?"

இந்தக் கேள்வியை நான் அண்ணாச்சியிடம் கேட்டிருக்க வேண்டும். இவர் என்னிடம் கேட்டதும் எரிச்சலாக வந்தது. இவருக்கு என்ன, ஆள் சேர்ந்தால் கமிஷன். அப்படித்தான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

"கொஞ்ச நாள்னு சொன்னா கம்பெனில ஒத்துக்க மாட்டாங்க. இன்னொருத்தரையும் அவங்க பார்த்து வெச்சிருக்காங்க, உங்களை பயமுறுத்த சொல்லல. ஒரு நாள், ஒரு நேரம் சொல்லுங்க, அதுக்கு நான் கேட்டுப் பார்க்கறேன்."

"திங்கக்கிழமை மத்தியானம்."

"சரி. நீங்க சொன்னதை அப்படியே அவங்ககிட்ட சொல்லிடறேன். வேற யார் வழியாவும் இது அவங்க காதுக்குப் போகக் கூடாது."

சாயங்காலம் அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: திங்கள் மதியம் வரை காத்திருக்க ஒப்புக்கொண்டார்கள், அதற்கு மேல் உத்தரவு செல்லாது.

அண்ணாச்சியிடம் எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கலாமா என்று வெள்ளிக்கிழமை முழுக்க அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க முடியவில்லை. எங்கள் வியாபாரத்தில் அது பெரிய அவமானம். லட்சக்கணக்கான ரூபாய் சரக்கு அவர் வாய்ச்சொல்லில் நகர்ந்திருக்கிறது. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு: எதையும் உறுதியாகத் தர நினைத்தால் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லுவார். அப்படிச் சொன்னதில் ஒன்றைக்கூட அவர் மீறிப் பார்த்ததில்லை. தீபாவளிப் பணமானாலும் சரி, டிரைவர் மகளின் கல்லூரிக் கட்டணமானாலும் சரி. அவருக்குப் பத்திரம் என்பது அதுதான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, முந்திரியில் செய்யும் எங்கள் ஊர் இனிப்பான மக்ரூன் பெட்டி பெட்டியாக வந்தது. அண்ணாச்சி எல்லோரையும் நடுக்கூடத்துக்குக் கூப்பிட்டார். நான் இன்னும் பதிலே சொல்லவில்லையே!

"இனிமே இந்தப் பிள்ளதான் நமக்கு மேனேஜர். சம்பளமும் கூட்டியாச்சு. ஆபீசுக்கு உள்ள எல்லாம் இது பாத்துக்கிடும். வெளிய எப்பவும் போல மருமகன் பாத்துக்கிடுவாரு. எல்லாரும் இனிப்பு எடுங்க."

கை தட்டினார்கள். என் கையில் ஒரு மக்ரூன் வைக்கப்பட்டது. அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அண்ணாச்சியை உள்ளே கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். அதற்குள் மருமகன், "வாழ்த்துகள்க்கா" என்று சொல்லிவிட்டு மீதி இருந்த பெட்டியோடு டீக்கடைக்குப் போய்விட்டார்.

ஒரு மணிக்கெல்லாம் சென்னையிலிருந்து அந்தப் பெண்ணின் போன்.

"மேடம், நீங்க அங்கயே மேனேஜர் ஆயிட்டீங்க, ஸ்வீட் எல்லாம் குடுத்தாச்சுன்னு கம்பெனில சொல்றாங்க. அங்க இருக்கற அவங்க ஆளு ஒருத்தர் டீக்கடைல அந்த ஸ்வீட்டையே சாப்பிட்டாராம். என்ன நடக்குது?"

மாடிப்படிக்கு வந்து மெதுவாகப் பேசினேன்.

"இனிப்பு குடுத்தது உண்மை. நான் சரின்னு சொல்லல. என்னைக் கேக்காமலே சொல்லிட்டாங்க."

"நம்பறேன். வியாழக்கிழமை நீங்களே சொல்லியிருக்கலைன்னா நம்பியிருக்க மாட்டேன். ரெண்டு இடத்தையும் வெச்சு விளையாடறீங்கன்னு அவங்க சொன்னப்போ, எங்கிட்ட முன்னாடியே சொன்னாங்கன்னு உங்களுக்காகப் பேசியிருக்கேன். ஆனா இனிமே திங்கக்கிழமை வரைக்கும் முடியாது. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. இல்லைன்னா வேண்டாம்னு ஒரு வார்த்தை எழுதுங்க. எதுவா இருந்தாலும் நான் கோச்சுக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. கமிஷனுக்காகப் பேசுகிறார் என்று நினைத்திருந்தேனே.

அண்ணாச்சி அறைக்குள் போனேன். அவர் சந்தோஷமாக இருந்தார்.

"நான் இன்னும் பதில் சொல்லலியே அண்ணாச்சி."

"நீ எழுத்துல கேப்பன்னு எனக்குத் தெரியும். கேக்க முன்னால குடுத்துட்டேன்லா? இத்தன பேரு முன்னால சொன்னதுக்கு மேல என்னம்மா பத்திரம்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு அவர்மேல் பாசம்தான் வந்தது. அவரால் முடிந்த பெரிய உறுதியை அவர் கொடுத்திருந்தார். அதனால்தான் கேட்டேன்.

"அப்போ கார்டயும் எல்லாரு முன்னால சொல்லுங்க. இப்பவே கூப்பிடுங்க. நான் எங்கயும் போகல."

அவர் மேசைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் ஒரு தூசியும் இல்லை.

"அது பெறவு பாப்போம். மருமகனுக்கு ஒரு மாதிரி ஆயிரும்லா."

அந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டிய பதற்றம் சட்டென்று அடங்கியது. அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டார். பொய்யாகிவிடக் கூடிய ஒன்றை அவர் ஊர் முன்னால் சொல்ல மாட்டார், அவ்வளவுதான். அவர் கார்டைச் சொல்லாமல் விட்டதிலேயே எனக்கு வேண்டிய பதில் காலையில் நடுக்கூடத்தில் கிடைத்துவிட்டது. நான்தான் மக்ரூனைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"நான் போறேன் அண்ணாச்சி."

"இனிப்பு குடுத்தாச்சேம்மா" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழுகை வந்தது. வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்தப் பெண்ணிடமிருந்து "கிடைச்சுது, நன்றி" என்று மட்டும் வந்தது.

நோட்டீஸ் காலம் முடிகிறவரை அண்ணாச்சி என்னோடு வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பிய அன்று யாரையும் நடுக்கூடத்துக்குக் கூப்பிடவும் இல்லை.

தேர்வில் தேறி, கார்டு வந்து, ஒரு நாள் சரக்குக் கிடங்கில் முந்திரி கண்டெய்னர் திறக்க நின்றுகொண்டிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணாச்சி தன் சரக்கு ஒன்றைப் பார்க்க வந்திருந்தார். என் கழுத்தில் தொங்கிய கார்டைப் பார்த்தார்.

"வெயிலா இருக்குல்லா?"

"இருக்கு அண்ணாச்சி."

தலையாட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற அதிகாரி, லோடுமேன்கள், தன் மருமகன் எல்லோரும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"இது நம்ம ஆபீஸ்ல இருந்த பிள்ள. இந்தக் கார்ட நான் எப்பவோ வாங்கிக் குடுத்திருக்கணும்."

கண்டெய்னரின் முத்திரையை வெட்டச் சொல்லி அதிகாரி கூப்பிட்டார். போய் நின்றேன்.