கரையேற்றத்தில் போன ஆறு அங்குலம்

2003 ஜூன் 14, சனிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. மேற்குக் காற்று மட்டும் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனையில் தண்ணீர் டிராக்டர் வந்து நின்றபோது நான் கையில் அளவு நாடாவோடு காத்திருந்தேன்.

அந்த ஆண்டு ஆழ்குழாய்கள் வற்றிவிட்டன. பதினாறு வீடுகள் சேர்ந்து ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் தண்ணீர் வாங்கினோம். ஒரு நடைக்கு 240 ரூபாய். நான் கணக்கு வாத்தியாராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கணக்கை என்னிடம் விட்டிருந்தார்கள். மே மாதம் தொடங்கி அன்றோடு இருபத்து நாலாவது நடை.

டிரெய்லரில் இருந்தது மேல்மூடி இல்லாத செவ்வக இரும்புத் தொட்டி. நீளம் பத்தடி, அகலம் ஐந்தடி, ஆழம் மூன்றடி. தண்ணீர் அலையாமலிருக்க டிரைவர் தென்னங்கீற்றுகளை மிதக்க விட்டிருப்பார். நாற்பது வயது மனிதர், குஜிலியம்பாறைப் பக்கம். நான் கீற்றை ஒதுக்கிவிட்டு விளிம்பிலிருந்து தண்ணீர்வரை அளந்தேன். வழக்கம்போல ஒன்பது அங்குலம் குறைவு.

"தளும்பத் தளும்பத்தான ரொப்புறீங்க?" என்றேன்.

"ஆமா சார். வழிஞ்சப்புறந்தான் மோட்டாரை நிப்பாட்டுவேன்."

"அப்ப ஒம்போது அங்குலம் எங்க போச்சு?"

"ஏத்தத்துல போயிருது சார். பின்னாடி சாயும்ல."

சாய்ந்தால் சிந்தும் என்பது எனக்குத் தெரியாததா? எங்கள் தெருமுனைக்கு ஏறும் சரிவை முந்தின நாளே அளந்து வைத்திருந்தேன். பத்தடிக்கு அரையடி ஏற்றம். தொட்டி அந்த அளவு சாய்ந்தால் தண்ணீர் பின்விளிம்பைத் தொட்டு நிற்கும், முன்பக்கம் அரையடி கீழே இருக்கும். காலியாகும் இடம் ஒரு முக்கோணப் பட்டகம்: பத்தில் பாதி ஐந்து, அதை அரையாலும் அகலம் ஐந்தாலும் பெருக்கினால் பன்னிரண்டரை கன அடி. மேலே ஏறி சமதளத்தில் நின்றால் மட்டம் மூன்று அங்குலம்தான் இறங்கியிருக்க வேண்டும். மீதி ஆறு அங்குலத்துக்கு இருபத்தைந்து கன அடி. எழுநூறு லிட்டருக்கு மேல். நாற்பத்தேழு குடம்.

இதையெல்லாம் சாக்கட்டியால் தொட்டியின் பக்கவாட்டில் படம் போட்டு எழுதினேன். குடங்களோடு நின்ற பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"நாப்பத்தேழு கொடமா? வழியில எந்த மவராசிக்கு ஊத்திட்டு வாரீகண்ணே?" என்றாள் மூன்றாம் வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

டிரைவர் சிரிக்கவில்லை. "அந்தக் கம்மாக்கரைய ஏறித்தான் சார் வாரேன். நேர்ரோட்டுல பாலத்த ஒடச்சுப் போட்ருக்கான். நீங்க வேணா ஒரு நாள் கூட வந்து பாருங்க."

நான் போகவில்லை. அளக்காத எதையும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் பழக்கம். வகுப்பிலும் அதைத்தான் சொல்லிவந்தேன். கண்மாய்க் கரையை நான் அளந்ததில்லை, ஆகவே என் கணக்கில் அந்தக் கரை இல்லை. அதே படத்தை வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்து வரைந்து, கீழே கையெழுத்திட்டு, தோட்டக்காரருக்குக் கொடுத்தனுப்பினேன். கொண்டுபோனதும் அந்த டிரைவர்தான். தன்மேல் எழுதிய குற்றச்சாட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்து அவரே கொண்டுபோனார்.

நூற்றைம்பது கன அடியில் இருபத்தைந்து என்பது ஆறில் ஒரு பங்கு. நடைக்கு நாற்பது ரூபாய் வீதம் இருபத்து நாலு நடைக்கு 960 ரூபாயைத் தோட்டக்காரர் டிரைவரின் சம்பளத்தில் பிடித்து, எங்கள் தெருவுக்குத் தள்ளுபடியாகக் கொடுத்தார். வீட்டுக்கு அறுபது ரூபாய். நான்தான் பங்கிட்டேன், பாராட்டும் வாங்கினேன். டிரைவரை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள்.

புது டிரைவராகத் தோட்டக்காரரின் மச்சினர் வந்தார். முதல் நாள் அளந்தேன். ஒன்பது அங்குலம். இரண்டாம் நாளும் ஒன்பது. இவரும் திருடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கையும் களவுமாகப் பிடிக்க மூன்றாம் நாள் விடிகாலையில் தோட்டத்துக்கே போய், மட்கார்டில் ஏறி உட்கார்ந்து கூடவே வந்தேன்.

உடைந்த பாலத்துக்கு முன்னால் டிராக்டர் இடது பக்கம் திரும்பிக் கண்மாய்க் கரையில் ஏறியது. பின்னால் வாய்க்கால் மடை திறந்ததுபோல ஒரு சத்தம். பின்விளிம்பு அகலம் முழுக்கத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். மச்சினர் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தார். வழிவது நின்று, தண்ணீர் பின்விளிம்போடு ஒட்டி அசையாமல் நின்றது. முன்பக்கம் நாடாவை விட்டேன். பதினெட்டு அங்குலம்.

பத்தடிக்கு ஒன்றரையடி. காலியான முக்கோணம் முப்பத்தேழரை கன அடி. மிச்சம் நூற்றுப் பன்னிரண்டரை. சமதளத்தில் மட்டம் பதினெட்டில் பாதி இறங்கும், அதாவது ஒன்பது. கரையின் மறுபக்கம் இறங்குகையில் தண்ணீர் முன்விளிம்பைத் தொட்டது, ஆனால் வழியவில்லை. எங்கள் தெரு ஏற்றத்தில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. சிந்துவதற்கு மேலே மிச்சம் ஏது? வழியிலேயே பெரிய சரிவு எதுவோ அதுதான் மிச்சத்தைத் தீர்மானிக்கிறது. நான் கடைசிச் சரிவை, அதுவும் என் வீட்டு வாசலில் இருந்ததை மட்டும் அளந்திருந்தேன்.

"என்ன சார், மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? வண்டி ஒத்துக்கலியா?" என்றார் மச்சினர்.

அன்றே தோட்டக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் சலிப்போடு மோட்டார் ரூம் சுவரைக் காட்டினார். என் தாளை அங்கே ஒட்டியிருந்தார். "இங்க தண்ணி எடுக்க வர்ற டிராக்டர்க்காரன் அம்புட்டுப் பேரும் இதப் படிச்சாச்சு சார். அந்தாளு போயிக் கேட்ட எடத்துலயெல்லாம் வேல இல்லன்னுட்டாங்களாம். மச்சினன இப்ப எறக்கிவிட முடியாது, வீட்ல சண்டையாயிரும்."

தாளைக் கிழித்தெடுத்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் முக்கோணம் மட்டும் சுவரிலேயே நின்றுவிட்டது. நகத்தால் சுரண்டினேன்.

குஜிலியம்பாறைக்குப் பஸ் பதினோரு ரூபாய். முதல் தடவை பழைய டிரைவரின் வீடு பூட்டியிருந்தது. அடுத்த ஞாயிறு போனபோது இருந்தார். யாருடைய நிலத்திலோ முள் வெட்டிவிட்டு வந்திருந்தார். கையெல்லாம் கீறல். உட்காரச் சொன்னார், செம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் கரையை அளந்ததைச் சொன்னேன்.

"எம்புட்டு சார் இருந்துச்சு?"

"பதினெட்டு அங்குலம்."

"எனக்கு அங்குலமெல்லாம் தெரியாது. பாதித் தொட்டி வெளிய தெரியும், அம்புட்டுத்தான்." உள்ளங்கையில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டார். "நான் கூப்ட்டேன்ல சார், வந்து பாருங்கன்னு."

"கூப்பிட்டீங்க."

960 ரூபாயை நீட்டினேன். எண்ணாமல் வாங்கிக்கொண்டார். "இது என் காசு, அதுனால வாங்கிக்கிறேன். ஆனா அம்புட்டுப் பேரு மத்தியில சாக்கட்டில எழுதுனீங்க. அத என்ன பண்ணப் போறீங்க?"

அடுத்த நடை வந்த அன்று அதே தொட்டியின் பக்கவாட்டில் இரண்டாவது படத்தைப் போட்டேன். கண்மாய்க் கரையில் பதினெட்டு அங்குலம், அதில் பாதி ஒன்பது என்று விளக்கினேன். பாதிப் பேர் குடத்தைப் பிடித்து இழுப்பதில் இருந்தார்கள். மூன்றாம் வீட்டுக்காரி மட்டும் கடைசிவரை கேட்டாள்.

"அப்ப அந்தண்ணே திருடல. நீங்கதான் சார் தப்பாப் போட்டீங்க?"

"ஆமாம்மா."

"நானும்ல சேந்து சிரிச்சேன்," என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தள்ளுபடியாகக் கொடுத்த அறுபது ரூபாயை யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை. டிரைவர் அந்த மாதக் கடைசியில் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார் என்று தோட்டக்காரர் சொன்னார். டிராக்டர் ஓட்டுவதை விட்டுவிட்டாராம்.

என் பென்ஷனில் இதற்காகப் போனது: அவருக்குக் கொடுத்தது 960, நான்கு பஸ் டிக்கெட் 44. மொத்தம் ஆயிரத்து நான்கு ரூபாய்.