தம்பதிக்குத் தனி அறை

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் ரிம்மா ஹேகாய், கொரியாவின் தெத்கோல் மேட்டுச் சந்தில் இருந்த காசு போட்டுத் துவைக்கும் கடையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் அவளுடைய நீலப் போர்வை எழுவதும் விழுவதுமாகச் சுழன்றது. அதைப் பார்த்தபடியேதான் அவள் வழக்கமாக மொழிபெயர்ப்பாள். வார நாட்களில் ஒப்பனைப் பொருள் கம்பெனியில் குப்பிகளுக்கு மூடி பொருத்தும் வேலை. ஞாயிறு மட்டும், தாஷ்கண்டிலிருந்தும் அல்மாட்டியிலிருந்தும் செல்பேசிக்கு வந்து குவியும் வேலை விளம்பரப் படங்களைக் கொரிய மொழியிலிருந்து ரஷ்ய மொழிக்கு மாற்றித் தருவாள். காசு வாங்குவதில்லை. சிலர் காரட் சாலட் கொண்டுவந்து கொடுப்பார்கள். சிலர் நன்றிகூடச் சொல்லாமல் விமானம் ஏறி, ஒரு மாதம் கழித்து இதே சந்தில் எதிரே வந்து முழிப்பார்கள்.

அன்று வந்த படம் தங்கை அனுப்பியது.

"அக்கா, இதைப் பாரு. ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாமாமே? குரூப்புல வந்துச்சு. ரோமான் துள்ளிக் குதிக்கிறாரு" என்று வெனேரா குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பின்னால் கோழி கூவியது. உஸ்பெகிஸ்தானில், சிர்சிக்கில், அப்போது காலை எட்டு மணி. "காரை வாங்க மதியம் ஆளு வரான். கார் போனாத்தான் டிக்கெட். அதுக்குள்ள சொல்லிடு."

வெனேராவுக்கும் அவள் கணவன் ரோமானுக்கும் கொரிய வம்சாவளிக்காரர்களுக்கான விசா போன மாதமே வந்துவிட்டது. வேலைதான் பாக்கி. தங்கை வந்து இறங்கும் நாளை ஒன்பது வருடமாக ரிம்மா மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமான நிலையத்தில் அவளைக் கட்டிக்கொள்வது. பேருந்து ஜன்னலில் கடல் வந்து போவது. ஞாயிறுகளில் ஒரே பலகையில் இருவரும் மாவு பிசைவது. இயந்திரத்துக்குள் சுழலும் போர்வைகூட அவளுக்காக வாங்கியதுதான். புதுத்துணியின் கஞ்சி போகட்டுமென்று மூன்றாவது தடவையாகத் துவைக்கிறாள்.

ரிம்மா படத்தைப் பெரிதாக்கினாள். ஆள் சேர்க்கும் கடைக் கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டிய சிவப்புத் தாள். கண்ணாடியில் எதிரேயுள்ள சீமைப் பனிச்சை மரத்தின் பிம்பம் விழுந்து, எழுத்துகளுக்கு நடுவே பழங்கள் காய்த்ததுபோலிருந்தது. அதே மரத்தை, தலையைத் திருப்பினால் இங்கிருந்தே பார்க்கலாம். முப்பதடி தூரத்துத் தாள் சிர்சிக் வரை பறந்துபோய், கோழி கூவும் வீட்டைச் சுற்றிவிட்டு அவள் மடிக்கே திரும்பியிருந்தது.

குரூப்பில் மொழிபெயர்ப்புக்கு ஒரு முறை உண்டு. சம்பளம், வயது, விசா, தங்குமிடம். நாலே வரி. மீதியை யாரும் படிப்பதில்லை. அந்த முறையை வகுத்தவளே ரிம்மாதான். அவள் பெருவிரல் பழக்கத்தில் ஓடியது.

சம்பளம்: மாதம் முப்பத்தெட்டு லட்சம் வோன் வரை.
வயது: ஐம்பதுக்குள்.
விசா: வம்சாவளி.
தங்குமிடம்: உண்டு. தம்பதிக்குத் தனி அறை.

இனி அனுப்பவேண்டியதுதான். அம்புக்குறி மேல் விரல் நின்றது. 'தம்பதிக்குத் தனி அறை.' அவளும் கணவன் கெனாவும் தாஷ்கண்டில் இருந்தபோது யாரோ அனுப்பிய விளம்பரத்திலும் இதே வரி இருந்தது. அன்று அது ஒரு பூச்செண்டுபோல் தெரிந்தது.

பக்கத்து நாற்காலியில் அப்பல்லோன் சோய் கண் மூடி உட்கார்ந்திருந்தார். அறுபது வயது. சாயப்பட்டறைக்காரர். குரூப்பில் படம் எடுத்துப் போடுவது அவருடைய பொழுதுபோக்கு.

"மாமா, தூங்காதீங்க. இந்தப் படம் நீங்க எடுத்ததா?"

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "நல்லா வந்திருக்கில்ல? மரம்லாம் விழுந்து சினிமா மாதிரி."

"மரம் இருக்கு. தாளோட அடிப்பக்கத்தைக் காணோமே."

"முட்டி குனிய விடமாட்டேங்குது. நிமிந்து நின்னு எடுத்தா வர்றதுதான் வரும்."

"அப்ப நீங்க போடுற படம் எல்லாத்துலயும் அடி வரி கெடையாதா?"

"முக்கியமானது மேலதானம்மா இருக்கும். அடியில என்ன, போன் நம்பரு."

"போன் நம்பர் மேல இருக்கு மாமா."

"அப்படியா?" அவர் மறு கண்ணையும் திறந்தார்.

ரிம்மா மேலே இருந்ததையே மறுபடி படித்தாள். 'குடும்பம் போன்ற சூழல்' என்றிருந்தது. அதை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. குடும்பத்தில்போலத் திட்டுவார்கள், குடும்பத்தில்போலச் சம்பளமில்லாமல் கூடுதல் வேலை வாங்குவார்கள் என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும். 'இரண்டு ஷிப்ட்' என்றிருந்தது. எட்டு மணி நேர வேலைக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மாதம் இருபத்தொரு லட்சத்தைத் தாண்டாது. முப்பத்தெட்டு வேண்டுமென்றால் தினம் பன்னிரண்டு மணி நேரம் தொழிற்சாலையில் கிடக்கவேண்டும், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அப்போதும் முப்பத்தைந்துதான் வரும். மீதி மூன்று லட்சம் எங்கிருந்து வந்தது?

அவள் எழுந்து சந்துக்குப் போனாள். ஆள் சேர்க்கும் கடை ஞாயிறென்று பூட்டியிருந்தது. சிவப்புத் தாளுக்கு முன் குந்தி உட்கார்ந்தாள். அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி: 'பணிக்கொடையும் படிகளும் சம்பளத்தில் அடக்கம்.'

மூன்று லட்சம் கிடைத்துவிட்டது. வேலையை விடும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று தனியாகத் தரவேண்டிய பணத்தைத்தான் மாதாமாதம் நறுக்கிச் சம்பளமென்று காட்டியிருக்கிறார்கள். சட்டத்தில் இடமில்லாத வேலை. வழக்குப் போட்டால் வாங்கலாம். ஆனால் எப்படி வழக்குப் போடுவது என்று ஊருக்குப் புதிதாக வந்தவளுக்கு யார் சொல்வார்கள்?

ஆனால் ரிம்மாவை உறுத்தியது அது இல்லை. குந்தியபடியே அந்த எண்ணைக் கூப்பிட்டாள். ஞாயிறானாலும் இவர்கள் எடுப்பார்கள்.

"சொல்லுங்கம்மா." மேலாளர் பாக் என்று சொல்லிக்கொண்டான். ஏதோ மென்றுகொண்டிருந்தான்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு. தனி ரூம் நிச்சயமா?"

"நிச்சயம்மா. ஹீட்டர் இருக்கு, ஏசி இருக்கு. வேற யாரும் வரமாட்டாங்க."

"ரெண்டு பேரும் ஒரே ஷிப்டா?"

மெல்லுவது நின்றது. "அதெப்படிம்மா? ஒரே மெஷின்தானே. இவர் இறங்கினா அவங்க ஏறணும். வாரம் மாத்தி மாத்தி. புருஷன் பொண்டாட்டின்னா மெஷின் காலியா நிக்காது பாருங்க, ஒருத்தரை ஒருத்தர் எழுப்பி அனுப்பிடுவாங்க. கம்பெனிக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லது. ரூம்ல எப்பவும் ஒரு ஆள் இருக்கும், திருட்டு பயம் இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

ரிம்மா நன்றி சொல்லி வைத்தாள். சிவப்புத் தாளில் அவள் முகம் தெரிந்தது. அதன் மேல் பழங்கள் ஆடின. அந்த அறையை அவளுக்குத் தெரியும். இதே அறை இல்லை, இதைப்போல ஒன்று. காலை எட்டே காலுக்கு அவள் கதவைத் திறக்கும்போது கெனா போயிருப்பான். தலையணையில் அவன் தலையின் பள்ளம் இருக்கும், சூட்டோடு. அந்தப் பள்ளத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போவாள். மாலையில் அவன் வரும்போது அவளுடைய சூடு அவனுக்கு. இரண்டு வருடம் ஒரே கட்டிலில் வாழ்ந்தார்கள், சேர்ந்து படுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொழிற்சாலை கேட்டில் ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்வார்கள். "சோறு இருக்கு." "சாவி?" "எங்கிட்ட." கடைசியில் அவன் குவாங்ஜு நகரத்துப் பக்கம் போய்விட்டான். சண்டையே இல்லை. சண்டை போட நேரம் எங்கே இருந்தது? இதை அவள் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்காக அவர் அங்கே, நான் இங்கே என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லிவந்தாள்.

நாலு வரியை அனுப்பினால் தங்கை வருவாள். போர்வை தயாராக இருக்கிறது. வந்தபின் எல்லோரையும்போலப் பழகிக்கொள்வாள். பொய்கூட இல்லை, நாலு வரியும் உண்மை.

இயந்திரம் ஓய்ந்து மணியடித்த சத்தம் சந்துவரை கேட்டது. ரிம்மா நாலு வரியையும் அழித்துவிட்டு, தாளின் நாலு மூலையும் தெரிய ஒரு படம் எடுத்தாள். பிறகு முதல் எழுத்திலிருந்து கடைசி எறும்பு வரை, ஒன்றையும் விடாமல் எழுதினாள். இரண்டு ஷிப்ட் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதினாள். பணிக்கொடையை எழுதினாள். தாளில் இல்லாததை அடியில் தனியாகக் கோடு போட்டு, 'கேட்டுத் தெரிந்துகொண்டது' என்று எழுதினாள்: தம்பதிக்குத் தனி அறை, ஒருவர் வேலையில் இருக்கும்போதுதான் மற்றவர் அறையில்.

அனுப்பிவிட்டுத் துவைக்கும் கடைக்குத் திரும்பி, போர்வையை எடுத்து உலர்த்தும் இயந்திரத்தில் போட்டாள். அப்பல்லோன் சோய் ஓரக்கண்ணால் பார்த்தார். செல்பேசி அடித்தது.

"அக்கா, அப்ப நான் தனியாத்தான் தூங்குவேனா?" வெனேரா சிரித்தாள். "அவரு விடுற குறட்டைக்கு அது லாபம்தான்."

பின்னாலிருந்து ரோமான், "நானா குறட்டை? ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன் உன்னோடத" என்றான்.

"ஞாயிறு?" என்று கேட்டாள் வெனேரா.

"ஞாயிறு சேர்ந்துதான் இருப்பீங்க. ஒருத்தர் தூங்குவீங்க, ஒருத்தர் துணி துவைப்பீங்க."

சிரிப்பு நின்றது.

"அக்கா, உனக்கெப்படி இவ்வளவு தெரியுது?"

ரிம்மா உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்தாள். போர்வை காற்றில் ஊதிப் பெருத்து, உள்ளே யாரோ புரண்டு படுப்பதுபோல மெல்லச் சுழன்றது.

"தலையணை சூடா இருக்கும்டீ" என்றாள். "அது ஒண்ணுதான் இருக்கும்."

வெனேரா, "நீயும் மச்சானும் அப்படித்தானா?" என்றாள்.

"ம்."

"ஒன்பது வருஷமா சொல்லலையே, பாவி."

செல்பேசியை ரோமான் வாங்கினான். "அண்ணி, கார்க்காரனை வரவேண்டாம்னு சொல்லிடறேன். ரெண்டு பேரும் பகல்ல இருக்கிற மாதிரி ஏதாவது வந்தா பாருங்க. சம்பளம் கொறஞ்சாலும் சரி. இல்லேன்னா இங்கயே டாக்சி ஓட்டறேன்."

"பாக்கறேன் ரோமான். எப்ப கெடைக்கும்னு சொல்ல முடியாது."

"கெடைக்கும்போது கெடைக்கட்டும்."

ரிம்மா செல்பேசியை மடியில் வைத்தாள். விமான நிலையம், பேருந்து ஜன்னல், கடல், எல்லாம் ஒரு அடி பின்னால் போய் நின்றன; மறையவில்லை. உலர்ந்த போர்வையை மடித்தாள். கஞ்சி முழுக்கப் போய், ரொம்ப நாள் யாரோ போர்த்தியதுபோல மெத்தென்று இருந்தது.

"என்னம்மா, வராங்களா?" என்றார் அப்பல்லோன் சோய்.

"இப்ப இல்ல மாமா. எழுந்திரிங்க, அந்தக் கண்ணாடியில இன்னும் இருபது தாள் ஒட்டியிருக்கு."

"அதான் போன வாரமே எல்லாத்தையும் எடுத்துட்டேனே."

"அடியோட எடுக்கலையே. மேல் பாதியை நீங்க எடுங்க, குனியற வேலை என்னோடது."

போர்வையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அவர் முட்டியைப் பிடித்தபடி முனகிக்கொண்டே பின்னால் வந்தார்.